பக்கங்களின் எண்ணிக்கை: அகக்கோணச் சூத்திரமா, புறக்கோணமா?

கிளிநொச்சியில் சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. ஓர் ஒழுங்கான பல்கோணியின் அகக்கோணம் 156° என்று தந்தால் எந்த வழியில் போவது?

வேலை:
அகக்கோண வழியில் 180(n − 2) = 156n என்று எழுதி, அடைப்பைப் பிரித்து, 24n = 360 என்று வந்து, n = 15 காண வேண்டும்.
புறக்கோண வழியில் 180 − 156 = 24, பிறகு 360 ÷ 24 = 15. இரண்டே வரி.

பிழை வரும் இடம்:
முதல் வழியில் 180n − 360 என்பதற்குப் பதில் 180n − 2 என்று எழுதிவிடுவார்கள். விடை முழு எண்ணாக வராததால் பிழை தெரிந்துவிடும்.
இரண்டாவதில் கழிக்க மறந்து 360ஐ அகக்கோணத்தாலேயே வகுப்பார்கள். 156 என்றால் 2.3 வரும், இரண்டு பக்கத்தில் பல்கோணி ஏது? ஆனால் 120° தந்திருந்தால் 3 வரும், சரிபோலவே இருக்கும். முக்கோணியின் கோணம் 60° அல்லவா! சரியான விடை 6. அதனால் கழித்த கோணத்தைப் படத்தில், நீட்டிய பக்கத்தருகே குறித்துவிட்டு வகுக்கச் சொல்வேன்.

இப்படி ஒரு பல்கோணி உண்டா என்று கேட்டாலும் புறக்கோணமே வசதி. 130° என்றால் 360 ÷ 50 = 7.2, அப்படியொன்று இல்லை.

ஒரு கோணம் தந்தால் நான் புறக்கோணத்தையே எடுப்பேன். அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 2340° என்று தந்தால் மட்டும் சூத்திரம்தான் நேர்வழி: 2340 ÷ 180 = 13, அதோடு 2 கூட்ட 15. அதற்குப் பல்கோணி ஒழுங்கானதாக இருக்கவும் தேவையில்லை.