திருகோணமலையில் போர்டிங் தேடும் பெண் பிள்ளைகளுக்கு: 66,000 ரூபாயை இழந்தவளின் எச்சரிக்கை

நேற்று மாலை என்னுடைய இரண்டு பைகளையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, இருபத்து நான்கு நாட்கள் தங்கியிருந்த வீட்டைவிட்டு வெளியேறினேன். முற்பணமாகக் கொடுத்த 66,000 ரூபாய் அந்த வீட்டுக்காரியிடமே இருக்கிறது. திருப்பித் தரும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது இன்று காலை உறுதியாகிவிட்டது. ஆத்திரம் ஆறுவதற்கு முன்னரே இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் வவுனியா. உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியின் வரவேற்புப் பிரிவில் வேலை கிடைத்து வந்தேன். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டவர் வரும் காலம் என்பதால், வாரத்தில் மூன்று நாட்கள் காலை ஆறரைக்கும் மற்ற மூன்று நாட்கள் பின்னேரமும் வேலை. பின்னேர வேலை இரவு ஒன்பது மணிக்கு முடியும். விடுதி வான் ஒன்பதரை மணியளவில் கொண்டுவந்து விடும். வாடகை இடங்களைப் பகிரும் ஒரு சமூக ஊடகக் குழுவில் “பெண்களுக்கு மட்டும், மூன்று வேளை சாப்பாட்டுடன்” என்ற விளம்பரத்தைக் கண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

விறாந்தையில் இருத்தித் தேநீர் தந்தார். அறை துப்புரவாக இருந்தது, சுவாமிப் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வேலை நேரத்தைச் சொல்லி, “அன்ரி, இரவில் வரப் பிந்தும், பரவாயில்லையா?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஒரு பிரச்சினையுமில்லை பிள்ளை. உம்மட வீடு மாதிரி நினைச்சுக்கொண்டு இரும்” என்றார். அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். மாதம் 22,000 ரூபாய், அதில் சாப்பாட்டுக்கு 10,000 என்று அவரே பிரித்துச் சொன்னார். மூன்று மாத முற்பணம் 66,000 ரூபாயையும் முதல் மாதக் காசையும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. தேநீர் தந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று நினைத்த என் மடமையை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் நாள் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கேற் இரவு ஏழரைக்குப் பூட்டப்படும், விருந்தினர் ஐந்து மணிக்குப் பின் வரக்கூடாது, விதி மீறினால் முற்பணம் திரும்பாது என்று எழுதியிருந்தார்கள். நான் காசு கொடுத்த அன்று இந்தத் தாள் இருக்கவில்லை. கேட்டபோது, “அது மற்றப் பிள்ளைகளுக்கு, நீர் யோசிக்காதையும்” என்றார். முதல் இரண்டு இரவுகள் முணுமுணுத்தபடி திறந்தார். மூன்றாவது இரவு கேற்றுக்கு வெளியே இருபத்தைந்து நிமிடம் நின்றேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, தொலைபேசியை மட்டும் எடுக்கவில்லை. வான் சாரதி அண்ணா என்னைத் தனியே விட்டுப் போகாமல் காத்திருந்ததால் தப்பினேன். நான் கேட்டிருக்க வேண்டியது “பரவாயில்லையா” என்பதல்ல, “இரவு ஒன்பதரைக்கு வந்தால் கேற்றை யார் திறப்பார், எனக்கென ஒரு திறப்புத் தருவீர்களா” என்பதே. திறப்புத் தர மறுக்கும் வீட்டில் பிந்தி வர அனுமதி இருக்கிறது என்று சொல்வதில் ஒரு பொருளும் இல்லை.

சாப்பாட்டிலும் இதே கதைதான். மூன்று வேளை என்றார்கள், எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் ஆகும், நானோ ஆறு மணிக்கே புறப்படுவேன். மத்தியானச் சோற்றைக் கட்டித் தரும் வழக்கம் அங்கே இல்லை. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மேசையில் மூடி வைத்துவிடுவார்கள். இந்த ஊர் வெக்கையில் தேங்காய்ப்பால் விட்ட சொதி இரண்டரை மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்பது சமைக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். புளித்த வாடையோடு இடியப்பத்தை எத்தனை நாள் விழுங்குவது? அறையில் கேத்தல் பாவிக்கவும் தடை. இருபத்து நான்கு நாட்களில் எழுபத்திரண்டு வேளைக்குக் காசு கொடுத்து, முப்பத்தொரு வேளைதான் சாப்பிட்டேன். உண்ணாத வேளைக்குக் கழிவு உண்டா என்று கேட்டதற்கு, “சமைச்சது சமைச்சதுதானே” என்று பதில் வந்தது.

விருந்தினர் விடயம்தான் என்னை வெளியேற வைத்தது. அம்மா ஒரு சனிக்கிழமை வவுனியாவிலிருந்து வந்தார். வழியில் பேருந்து பழுதாகி, வீட்டுக்கு வந்து சேரும்போது ஆறரை. ஓர் இரவு என் அறையில் படுக்க விடுங்கள், தேவையானால் அதற்கும் காசு தருகிறேன் என்று கெஞ்சியும் விடவில்லை. அம்மாவை உவர்மலையில் என்னுடன் வேலை செய்யும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அதே இரவு வீட்டுக்காரியின் தம்பி மகன் தன் நண்பர் ஒருவரோடு வந்து, நாங்கள் குளியலறைக்குப் போகும் வழியில் உள்ள அறையில் தங்கினான். எங்களைப் பார்க்க யார் வரலாம் என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். அந்த வீட்டுக்கு யார் யார் வந்து தங்குவார்கள், அவர்கள் எந்த வழியால் நடமாடுவார்கள், அறைக் கதவுக்கு உட்புறக் கொண்டி உண்டா என்று கேட்பதில்லை. எனக்குக் கொண்டி இருந்தது, ஆணிதான் கழன்றிருந்தது.

விலகுவதாகச் சொன்னபோது நியாயமாகவே பேசினேன். முன்னறிவித்தல் தராத குற்றத்துக்கு ஒரு மாதக் காசு 22,000 ரூபாயை வைத்துக்கொண்டு மிகுதி 44,000 ரூபாயைத் தாருங்கள் என்றேன். முதலில் “மகன் கொழும்பிலிருந்து வரட்டும்” என்றார். மகனுக்கு எடுத்தால், “அம்மாவோடு கதையுங்கோ” என்றார். பிறகு “புதுப் பிள்ளை வந்தவுடன் தாறன்” என்ற பதில். இன்று காலை, “நீர் விதியை மீறின பிள்ளை, காசு தந்ததுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டுவிட்டு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். குழுவை நடத்துபவரோ, விளம்பரம் போடுவது மட்டும்தான் தங்கள் வேலை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். 66,000 ரூபாய் என்பது என் ஒன்றரை மாதச் சம்பளம். அவர் அந்த அறைக்கு மீண்டும் விளம்பரம் போட்டிருக்கிறார், அதே படம், அதே மூன்று வேளை சாப்பாடு.

என்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுதவே தொடங்கினேன், இப்போது கை ஓடவில்லை. உங்கள் வேலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்லி, ஒவ்வொரு மணிக்கும் கேற், சாப்பாடு, திறப்பு என்னாகும் என்று கேளுங்கள். வீட்டுக்காரி இல்லாத நேரம் பார்த்து, ஏற்கெனவே தங்கியிருக்கும் பிள்ளையிடமும் அதையே கேளுங்கள். முற்பணம் எப்போது திரும்பும், எவ்வளவு கழியும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி ஒப்பம் வாங்குங்கள். மூன்று மாத முற்பணத்தை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். காசைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுங்கள், அத்தாட்சி மிஞ்சும்.

நாளை மறுநாள் எனக்கு விடுமுறை. சட்டத்தரணி இல்லாமலே பேசக்கூடிய இடம் என்பதால் மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். காசு எண்ணிக் கொடுத்ததை அந்த விறாந்தையில் இருந்து பார்த்த மற்றப் பிள்ளை சாட்சி சொல்ல வருவாளா என்று இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுடைய முற்பணமும் அங்கேதான் இருக்கிறது.