ஐந்து மாதப் பேப்பர் ட்ரேடிங்: கொப்பியில் இருந்த இலாபம் எங்கே போனது?

கொழும்புப் பங்குச் சந்தை காலை 9.30-க்குத் திறந்து பிற்பகல் 2.30-க்கு மூடும். அந்த நேரம் முழுக்க நான் ஒஃபிஸில் இருப்பேன். அதனால் இரவு வெள்ளவத்தை வீட்டில் உட்கார்ந்து, காசு எதுவும் போடாமல், அன்றைய முடிவு விலைகளைப் பார்த்துக் கொப்பியில் 'வாங்கினேன்', 'விற்றேன்' என்று எழுதுவதுதான் என் பேப்பர் ட்ரேடிங். விதி எளிமையானது. கடந்த 20 நாட்களின் உச்சத்தைத் தாண்டி ஒரு பங்கு முடிந்தால் வாங்குவது, 10 நாள் தாழ்வுக்குக் கீழே முடிந்தால் விற்பது.

முதல் 8 வாரத்தில் 16 ட்ரேட். சராசரியாக ஒன்றுக்கு 3 சதவீத இலாபம். சேமிப்பை எடுத்துப் போட்டுவிடலாம் என்றே நினைத்தேன். அண்ணாதான் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, முடிவு விலை தெரிஞ்ச பிறகு அந்த விலைக்கு உனக்கு ஆர் விற்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. சந்தை மூடிய பிறகுதான் என் சிக்னல் வருகிறது. உண்மையில் மறுநாள் காலையில்தான் வாங்க முடியும். அதன்பின் ஒவ்வொரு சிக்னலுக்கும் மறுநாள் தேநீர் இடைவேளையில், எந்த விலைக்கு எத்தனை பங்கு வாங்கவும் விற்கவும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று காட்டும் ஓர்டர் புக்கை ஃபோனில் பார்த்து, எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலைகளை எழுதத் தொடங்கினேன்.

ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். 10.20-இல் முடிந்த ஒரு பங்கு, 5,000 வாங்க வேண்டும். மறுநாள் விற்பனைப் பக்கத்தில் 10.40-க்கு 800, 10.50-க்கு 1,500, அதற்குமேல் 10.60-க்குத்தான் மீதி. மொத்தம் 52,690 ரூபாய், சராசரி 10.54. விற்கும் நாளில் கொப்பி விலை 11.20. ஆனால் வாங்குவோர் பக்கத்தில் 11.00-க்கு 2,000, 10.90-க்கு 3,000. கையில் வருவது 54,700. இதில் தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம், கிட்டத்தட்ட 1,200 ரூபாய். கொப்பியில் 5,000 ரூபாய் இலாபமாக நின்ற ட்ரேட், இப்படிக் கணக்குப் பார்த்தால் சுமார் 800 ரூபாய்தான்.

16 ட்ரேட்டில் கட்டணத்தை மட்டும் கழித்தாலே 3 சதவீதம் 0.76 ஆகிவிடுகிறது. மலிவுப் பங்குகளில் மிச்சமும் போய்விடும். விலை நகரும் மிகச் சிறிய படி 10 சதம். பத்து ரூபாய்ப் பங்கில் அந்த ஒரு படியே 1 சதவீதம்.

இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன் என்று லிமிட் ஓர்டர் போட்டால் தப்பலாமே என்று நானும் எண்ணினேன். விலை என் லிமிட்டைத் தொட்டதும் 'கிடைத்தது' என்று எழுதிக்கொண்டும் இருந்தேன். அதுவும் பிழை. அதே விலையில் எனக்கு முன்னால் பலர் வரிசையில் நிற்கிறார்கள். விலை என் லிமிட்டுக்குக் கீழேயும் போய் வியாபாரமானால்தான் எனக்குக் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். அப்படிக் கீழே வந்தவை பெரும்பாலும் பிறகும் விழுந்தவை. பறந்து போன நல்ல பங்குகள் என் லிமிட்டுக்கு வரவேயில்லை. இந்த ஒரு விடயம் பல கணக்குகளை ஏமாற்றும் என்று நம்புகிறேன்.

விதியை மாற்றினேன்: 50 ரூபாய்க்கு மேற்பட்ட, தினமும் நன்றாகக் கைமாறும் பங்குகள் மட்டும். மாற்றியதால் பழைய கணக்கைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். பழைய ட்ரேட்களையே பார்த்து வடிகட்டியிருந்தால் நட்டங்களை அழித்த மாதிரிதான் ஆகியிருக்கும். 14 வாரத்தில் 22 ட்ரேட், எல்லாச் செலவும் போய்ச் சராசரி 1.1 சதவீதம்.

இதை நம்பலாமா? அப்புறம் இரண்டு சோதனை செய்தேன். மிகப் பெரிய ட்ரேட் ஒன்று 19 சதவீதம் தந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் மற்ற 21-இன் சராசரி 0.25-க்கு இறங்குகிறது. பிறகு சிதறலைப் பார்த்தேன். ட்ரேட்களின் விளைவுகள் சராசரியைச் சுற்றி ஏறக்குறைய 7 சதவீத அளவில் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தன. அதை 22-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.5 வரும். சராசரியின் தடுமாற்றமே 1.5 என்றால், 1.1 என்பதைப் பூச்சியத்திலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. தடுமாற்றத்தை 0.5 ஆக்க ஏறத்தாழ 200 ட்ரேட் வேண்டும். என் வேகத்தில் இரண்டரை வருடம்.

அதனால் சேமிப்பை இன்னும் தொடவில்லை. பேப்பர் கணக்கு தொடர்கிறது. பக்கத்திலேயே ஒவ்வொரு சிக்னலுக்கும் 100 பங்கு மட்டும் உண்மைக் காசில் வாங்குகிறேன். முறை நல்லதா என்று பார்க்க அல்ல, கொப்பி விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத. முதல் 5 ஓர்டரில் 3 கொப்பி விலைக்கே கிடைத்தன, 2 ஒரு படி கூட.