காப்பாக் வளைவா, பத்து மாத சராசரியா?

எட்வின் காப்பாக் 1962-இல் வெளியிட்ட வளைவு, நீண்ட வீழ்ச்சிக்குப் பின் பங்குச் சந்தை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டதா என்ற ஒரே கேள்விக்காக உருவானது. குறியீட்டின் மாத இறுதி மதிப்பு 14 மாதங்களுக்கு முன்பிருந்ததைவிட எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது, 11 மாதங்களுக்கு முன்பிருந்ததைவிட எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று கணக்கிட்டு, இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குப் பத்து மாத எடையிட்ட சராசரி காண வேண்டும். அண்மைய மாதத்துக்கு எடை 10, மிகப் பழையதற்கு 1. பூச்சியத்துக்குக் கீழே கிடக்கும் வளைவு மேல்நோக்கித் திரும்பும் மாதமே வாங்குவதற்கான அறிகுறி.

எடைகளைப் பிரித்துப் பார்த்தால், இம்மாதக் கூட்டுத்தொகை முந்தைய பத்து மாதக் கூட்டுத்தொகைகளின் சாதாரண சராசரியைத் தாண்டினால் வளைவு திரும்பிவிடும் என்பது புலப்படும். ஆகவே விலை ஏற வேண்டிய கட்டாயம்கூட இல்லை. வீழ்ச்சியின் வேகம் குறைந்தாலே போதும். இதன் வலிமையும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன.

இதற்குப் போட்டியாக நிற்பது, மாத இறுதி மதிப்பு தன் பத்து மாத நகரும் சராசரிக்கு மேலே முடிந்தால் வாங்கி, கீழே முடிந்தால் விற்கும் எளிய முறை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில், 2009 மே இறுதியில் கூட்டுத்தொகை −58.7 ஆக இருந்தது. முந்தைய பத்தின் சராசரி −66.5. வளைவு 919 புள்ளியில் திரும்பியது. நகரும் சராசரி ஒரு மாதம் கழித்து, ஜூன் இறுதியில், வாங்கச் சொன்னது. அப்போதும் குறியீடு 919-இலேயே நின்றது. நுழைவு விலையில் வேறுபாடே இல்லை.

வேறுபாடு, அறிகுறி பொய்க்கும்போது தெரிகிறது. 2001 டிசம்பரில் வளைவு 1,148-இல் மயிரிழையில் திரும்பியது. 2002 செப்டம்பர் இறுதியில் குறியீடு 815. காப்பாக் முறையில் விற்பதற்கான விதி கிடையாது என்பதால், நம்பி வாங்கியவர் 29 சதவீத இழப்பைச் சுமந்திருப்பார். நகரும் சராசரியும் 2002 மார்ச்சில் ஏமாந்து 1,147-இல் நுழைந்தது; ஆனால் ஏப்ரலிலேயே 1,077-இல் வெளியேறி, ஆறு சதவீத இழப்போடு தப்பியது.

அந்தத் தற்காப்புக்கும் விலை உண்டு. 2010-இல் மே முதல் செப்டம்பர் வரை அது வெளியே, உள்ளே, மீண்டும் வெளியே, மீண்டும் உள்ளே என்று அலைக்கழித்து, 1,089-இல் விற்றவரை இறுதியில் 1,141-இல் வாங்க வைத்தது. பல ஆண்டுகள் வைத்திருக்கும் நோக்கத்தோடு வாங்குபவருக்கு இது வீண் அலைச்சல்.

ஆகவே நான் காப்பாக் வளைவையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அறிகுறிக்கு முந்தைய மிகத் தாழ்ந்த மாத இறுதி மதிப்பு உடைந்தால் வெளியேறுவது என்ற ஒரு விதியைச் சேர்த்துக்கொள்வேன். 2002-இல் அந்த எல்லை 1,041. ஜூன் இறுதியில் 990-இல் அது உடைந்தது, இழப்பு சுமார் 14 சதவீதம். 2009-இல் எல்லை 735. வாங்கிய பிறகு குறியீடு அந்தப் பக்கமே திரும்பவில்லை.