வெளிநாட்டுக் கோல்: இணைப்புக் காசு கூடினதா, நிமிஷக் காசு கூடினதா?

வாட்ஸ்அப் இருக்கும்போது ஐடிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு, ரொறன்ரோவில் வீட்டுப் போனை மட்டும் நம்பியிருக்கும் பெரியம்மா ஒருத்தி இல்லை என்று அர்த்தம். வெள்ளவத்தையில் பல வீடுகளில் இந்தக் கோல் இன்னும் போகிறது. பக்கேஜ் எடுக்கும்போது எல்லாரும் பார்ப்பது நிமிஷத்துக்கு எவ்வளவு என்பதைத்தான். பில்லைக் கூட்டுவது வேறு இரண்டு விஷயங்கள்: ஒவ்வொரு கோலுக்கும் விழும் இணைப்புக் கட்டணம், தொடங்கிய நிமிஷத்தை முழு நிமிஷமாக எடுக்கும் வழக்கம். 4 நிமிஷம் 1 செக்கன் கதைத்தாலும் 5 நிமிஷக் காசுதான்.

கணக்குக்காக இரண்டு திட்டங்களை வைத்துக்கொள்வோம். விலைகள் நான் போட்டவை; உங்கள் பக்கேஜின் எண்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். முதலாவதில் கோலுக்கு 15 ரூபா இணைப்புக் கட்டணம், நிமிஷம் 4 ரூபா. இரண்டாவதில் இணைப்பு 3 ரூபா, நிமிஷம் 7 ரூபா.

| பில்லில் விழும் நிமிஷம் | முதலாவது (ரூபா) | இரண்டாவது (ரூபா) |
|---|---|---|
| 1 | 19 | 10 |
| 3 | 27 | 24 |
| 4 | 31 | 31 |
| 5 | 35 | 38 |
| 26 | 119 | 185 |

இணைப்புக் கட்டண வித்தியாசம் 12 ரூபா, நிமிஷ வித்தியாசம் 3 ரூபா. 12ஐ 3ஆல் பிரித்தால் 4. அந்த நாலாம் நிமிஷத்தில்தான் இரண்டும் சமனாகின்றன. எந்தப் பக்கேஜுக்கும் இந்த ஒரு வகுத்தல் காணும்.

ஆனால் ஒருவரும் ஒரேயொரு கோல் எடுப்பதில்லை. ஒரு மாதத்தைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு நீளக் கோல், ஒவ்வொன்றும் 25 நிமிஷமும் சொச்சமும், பில்லில் 26. அதோடு 18 குட்டிக் கோல். "இப்ப கோயிலுக்கு வெளிக்கிடுறன், பிறகு எடு பிள்ளை" என்று அரை நிமிஷத்தில் முடிவதும், ஆள் இல்லாமல் வொய்ஸ் மெயில் தூக்குவதும் இதில் அடக்கம். பெல் மட்டும் போனால் காசில்லை. மெஷின் எடுத்தாலோ, எடுத்ததுதான்: இணைப்புக் கட்டணமும் ஒரு நிமிஷமும் போய்விடும். ஆக 22 கோல், 122 நிமிஷம். முதலாவதில் 330 + 488 = 818 ரூபா. இரண்டாவதில் 66 + 854 = 920 ரூபா.

முதலாவது வெல்கிறது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. நீளக் கோல் ஒவ்வொன்றும் 66 ரூபா மிச்சம் பிடிக்க, குட்டிக் கோல் ஒவ்வொன்றும் 9 ரூபாவைத் திருப்பி எடுக்கிறது. குட்டிக் கோல்கள் 30ஐத் தொட்டால் இரண்டாவதே மலிவு.

லைன் அறுவதும் குட்டிக் கோலின் தம்பிதான். அதே 25 நிமிஷப் பேச்சு 8:10, 0:20, 16:50 என்று மூன்றாக உடைந்தால் பில்லில் 9 + 1 + 17 = 27 நிமிஷம், இணைப்பு மூன்று தரம். முதலாவதில் 119 ரூபா 153 ஆகிறது. இரண்டாவதில் 185 ரூபா 198. அறுகிற லைனுக்கு முதலாவது திட்டம் கூடத் தண்டம் கட்டுகிறது, என்றாலும் இவ்வளவு நீளப் பேச்சில் அதுதான் இன்னும் மலிவு.

வரியைப் பற்றி ஒரு சொல். இரண்டு விலைக்கும் ஒரே வரி சேர்ந்தால் அந்த நாலு நிமிஷ எல்லை அசையாது. வில்லங்கம் எங்கே வருகிறதென்றால், ஒரு விளம்பரம் வரி சேர்த்தும் மற்றது வரி சேர்க்காமலும் விலை போட்டிருக்கும்போது. 818இன் மேல் 18 வீத வற் மட்டும் ஏறினாலே 965 ஆகிவிடும். 920 வரியோடு சேர்ந்த விலை என்றால் முடிவே தலைகீழ். அடியில் இருக்கும் சின்ன எழுத்தை வாசித்துவிட்டே ஒப்பிடுங்கள்.

59ஆம் செக்கனில் வைத்துவிடுகிற கெட்டித்தனத்தை நான் நம்பமாட்டேன். உங்கள் போன் காட்டும் நேரமும் கொம்பனியின் கணக்கும் ஒரு செக்கன் அங்கே இங்கே விலகலாம். அந்த ஒரு செக்கன் ஒரு முழு நிமிஷம்.

இரண்டு சிம் போடும் போன் இருந்தால் நீளக் கோலை முதலாவதிலும் குட்டிக் கோலை இரண்டாவதிலும் எடுக்கலாம்: 476 + 180 = 656 ரூபா. மற்ற சிம்மின் மாத வாடகை 162 ரூபாவைத் தாண்டினால் இந்த இலாபமும் போய்விடும். எது நீளக் கோலாகும் என்று முன்கூட்டித் தெரியாதே என்றால், இரண்டாவதில் எடுத்து ஆள் நிற்கிறாவா என்று பாருங்கள். நின்றால் "வையுங்கோ, திரும்ப எடுக்கிறன்" என்று சொல்லி முதலாவதில் எடுங்கள். 10 + 119 = 129 ரூபா; இரண்டாவதிலேயே கதைத்து முடித்தால் 185.