‘தமிழ் ஃபாண்ட்’ என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

சேலத்தில் திருமண அழைப்புக் காணொளி செய்யக் கொடுப்பவர்கள், தமிழ் எழுத்துகள் சிதைந்து வருவதைச் சரிசெய்யத் தனிப் பணம் கேட்கப்பட்டால், அதைத் தருவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். ஐந்து ரோடு பக்கத்தில் உள்ள ஒரு எடிட்டிங் கடை, என் தங்கை மகளின் அழைப்புக்குப் பேசிய தொகைக்கு மேல் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருந்த பிழையை மறைத்துக் கொடுத்ததே தவிர திருத்திக் கொடுக்கவில்லை.

முதலில் வந்த படத்தில் ‘சேலம்’ என்ற ஊர்ப் பெயர் ‘சலேம்’ என்று இருந்தது. கணினி இச்சொல்லை ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்ற வரிசையில்தான் வைத்திருக்கும். குறியை எடுத்துச் சகரத்துக்கு முன்னால் நிறுத்துவது, எழுத்தைத் திரையில் வரையும் நிரலின் வேலை. அந்த வேலை நடக்காதபோது குறி இருந்த இடத்திலேயே நின்று, அடுத்து வரும் லகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘செவ்வாய்ப்பேட்டை’ இன்னும் மோசம்: ஐகாரக் குறி சொல்லின் கடைசியில் ஆதரவின்றித் தொங்கியது. ‘ஸ்ரீ’ என்பது புள்ளி வைத்த ஸகரமாகவும் ரீயாகவும் பிரிந்து கிடந்தது. ‘மு’, ‘கு’ ஆகியவற்றின் சுழி எழுத்தோடு சேராமல் துண்டாக நின்றது.

கேட்டதற்கு, “சார், சாஃப்ட்வேர்ல தமிழ் அப்படித்தான் வரும், இதுக்குன்னு தனி ஃபாண்ட் வாங்கணும்” என்றார் கடைக்காரர். பணம் கொடுத்த பின் வந்த இரண்டாம் படத்தில் ‘சேலம்’ சரியாகத் தெரிந்தது, ‘ஸ்ரீ’, ‘மு’, ‘கு’ ஆகியவை மட்டும் பிரிந்தபடியே இருந்தன. அழைப்பு வாசகத்தை வாட்ஸப்பில் பகிர்வதற்காக அவர்களே எழுத்தாக அனுப்பியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. என் கைபேசியில் அது ‘◌ேசலம்’ என்று புள்ளி வட்டத்தோடு வந்தது. அதாவது, ஏகாரக் குறியை முதலில் தட்டி, பிறகு சகரத்தைத் தட்டி, திரைக்கு மட்டும் சரியாகத் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். ‘கோட்டை’ என்பதையும் இப்படியே ஏகாரக் குறி, க, கால் என்று உடைத்திருந்தார்கள். எழுத்துக்கு முன்னால் வரும் உயிர்க்குறிகளுக்கு இந்தத் தந்திரம் செல்லும். ‘மு’, ‘கு’ போன்ற எழுத்துகளுக்கும் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்துகளுக்கும் செல்லாது, ஏனென்றால் அவற்றின் இணைந்த வடிவம் எழுத்துருவின் உள்ளே இருக்கிறது, வரையும் நிரல் கேட்டால்தான் அது வெளியே வரும்.

அவர்கள் பயன்படுத்தியது பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள். அதில் `Preferences` பகுதியில் `Graphics` என்பதைத் திறந்து, `Text Engine` என்ற இடத்தில் `South Asian and Middle Eastern` என்பதைத் தேர்ந்தால் போதும். காசு எதுவும் செலவில்லை. எழுத்துருவும் வாங்க வேண்டியதில்லை: நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸோடு நிர்மலா எழுத்துரு வந்துவிடுகிறது. புராஜெக்ட் கோப்பை வற்புறுத்தி வாங்கி, என் தம்பி மகன் கணினியில் இந்த அமைப்பை மாற்றியதும் ‘ஸ்ரீ’ உடனே இணைந்தது. ஆனால் தலைகீழாகத் தட்டப்பட்ட சொற்களில் எல்லாம் புள்ளி வட்டங்கள் முளைத்தன. ஒட்டுப்போட்ட கோப்பைப் பின்னால் வருபவர் திருத்துவது எவ்வளவு தொல்லை என்பது அப்போது விளங்கியது. அந்த வரிகளைத் திருத்த முயலாமல் அழித்துவிட்டு, புதிய எழுத்தடுக்கு ஒன்றைத் திறந்து, எங்கள் மூல வாசகத்தை ஒட்டினோம். அதன் பிறகு எதுவும் உடையவில்லை.

வேறு சில கடைகளில் பாமினி எழுத்துருவைப் போட்டு வேலையை முடிக்கிறார்கள். அதில் ‘சேலம்’ என்பது உண்மையில் `Nryk;` என்ற ஆங்கில எழுத்துகளே, தமிழ் வடிவம் வெறும் முகமூடி. படமாக ஏற்றிய பின் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்து, முகூர்த்த நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால், முன்னால் நிற்பது `Nryk;` தான்.

ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே ‘ஸ்ரீ லக்ஷ்மி, சேலம் கோட்டை, முகூர்த்தம்’ என்று ஒரு வரியைக் கொடுத்து, அவர்கள் எடிட்டிங் திரையிலேயே ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதே வரியை அங்கிருந்து நகலெடுத்து உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். திரையிலும் கைபேசியிலும் ஒன்றுபோல இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது. திரையில் ‘சேலம்’ சரியாகவும் கைபேசியில் புள்ளி வட்டத்தோடும் வந்தால் தந்திரம் நடந்திருக்கிறது, ஆங்கில எழுத்தாக வந்தால் பாமினி.

கைபேசிச் செயலியில் எடிட் செய்பவர்களிடம் இப்படியொரு அமைப்பு இல்லாமல் போகலாம். அப்போது தமிழ் சரியாகத் தெரியும் வேறொரு செயலியில் வரியை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்துக் காணொளியின் மேல் வைக்கச் சொல்லலாம். வரி முழுவதும் மங்கி எழும், நகரும். எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவு மட்டும் படத்தில் கிடைக்காது, அதைக் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம்.