அப்பாவ பத்தி எழுதறப்ப "நீங்க"வா, "அவரு"வா?

கடிதமா எழுதினா கோவம் சீக்கிரம் வெளிய வரும். "நீங்க தட்ட வீசுனீங்க, நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன்"னு ஆரம்பிச்சா ஒவ்வொரு வரியும் குற்றப்பத்திரிகை மாதிரி ஆயிடும், ஏன்னா எதிர்ல இருக்கறவரு பதில் சொல்ல முடியாது. எழுத்தாளர் காஃப்கா 1919ல தன் அப்பாவுக்கு எழுதின நீளமான கடிதம் அப்பா கைக்கு போய்ச் சேரவே இல்ல, ஆனா அதோட கடைசியில காஃப்காவே அப்பாவோட குரல்ல தன்மேல எதிர்வாதம் எழுதி வச்சிருக்காரு. கடிதம் எழுதறவங்க திருடவேண்டிய வேலை அது.

"அவரு"ன்னு எழுதினா கொஞ்சம் தள்ளி நிக்கணும். என் டிராஃப்ட்ல அதே தட்டு சீனை இப்படி மாத்தினேன்: அப்பா ரெண்டு ஷிஃப்ட் முடிச்சு வந்தாரு, குழம்புல உப்பு இல்ல, தட்டு செவுத்துல மோதுச்சு, விடியக்காலைல யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி அந்தக் கறைய அவரே ஈரத்துணியால துடைச்சிட்டு இருந்தாரு, நான் பாத்தேன், அவரும் பாத்தாரு, ரெண்டு பேரும் பேசல. இதுல ஷிஃப்டுக்கும் தட்டுக்கும் நடுவுல "அதனாலதான்"னு ஒரு வார்த்தை போட்டா போச்சு, அது வக்காலத்து. கறை துடைச்சத விட்டுட்டா வில்லன், தட்ட விட்டுட்டா தியாகி (அம்மாவுக்கு இந்த வெர்ஷன்தான் பிடிக்கும்).

எனக்கு ரெண்டாவதுதான். ஆனா முதல் டிராஃப்ட் கடிதமாவே எழுதுவேன், கோவம் அங்கயே இறங்கிடும். அப்புறம் ஒரு பேப்பர்ல அப்பா இதுக்கு என்ன சொல்லுவாருன்னு அவர் பேச்சுலயே பத்து வரி. எழுத வரலைன்னா இன்னும் அவர எனக்குத் தெரியல, அந்த சீனை மூடி வச்சிடுவேன்.