எம்சிபி அடிக்கடி விழுது, கருகுற வாடை வேற: ஓனருக்கு எந்த மாதிரி லெட்டர் எழுதலாம்? மூணு ரகம், ஒரு அலசல்

வாடகை வீட்ல எம்சிபிங்கிற பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுது, கூடவே எதுவோ கருகுற வாடை வருதுன்னா ஓனருக்கு எழுதுறவங்க மூணு விதமா எழுதுறாங்க. ஒண்ணு, ரெண்டு வரி வாட்ஸ்அப். ரெண்டாவது, கோவத்துல எழுதுற மிரட்டல் லெட்டர். மூணாவது, என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லி "செக் பண்ண ஆள் அனுப்புங்க"ன்னு கேக்குற லெட்டர். மதுரைல தங்கச்சி குடியிருக்குற வீட்ல இதே பிரச்சனை வந்தப்ப மூணு டிராஃப்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தோம், அதனால அந்த கேஸை வச்சே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, வாடை இப்ப அடிச்சிட்டு இருக்குன்னா லெட்டரெல்லாம் அப்புறம். மெயினை ஆஃப் பண்ணிட்டு ஓனருக்கு போன் போடுங்க. புகையோ பொறியோ வந்தா வெளிய வந்து 101. வாடை பிரேக்கரெல்லாம் இருக்குற உங்க டிபி பாக்ஸ்ல இல்லாம கீழ மீட்டர் பக்கம் வந்துச்சுன்னா அது ஈபிகாரங்க ஏரியா, மின்னகம் நம்பர் 94987 94987. லெட்டர் எதுக்குன்னா, போன்ல பேசினது காத்தோட போயிடும், சொன்னதுக்கு ஆதாரம் வேணும், வர்ற எலக்ட்ரீசியனுக்கும் துப்பு வேணும்.

இப்ப முதல் ரகம். மாப்ள அனுப்புனது இதான்: "சார் அடிக்கடி ட்ரிப் ஆகுது, எரியுற ஸ்மெல் வருது, கொஞ்சம் ஆள் அனுப்புங்க." இதுல தப்பே இல்ல, அன்னைக்கே பாத்துட்டு அன்னைக்கே ஆளும் அனுப்பிட்டார், வேகத்துல இதை எதுவும் அடிச்சுக்க முடியாது. ஆனா வந்தவருக்கு தெரிஞ்ச தகவல் "ட்ரிப் ஆகுது" மட்டும்தான். அவர் டிபியை வெளிய இருந்து ஒரு பார்வை பாத்துட்டு "16 பத்தல, 32 போட்டுட்டா விழாது"ன்னுட்டார். விழாதுதான், அதான் பிரச்சனையே! விழுந்துட்டு இருந்தது கீசர் லைன். கீசர் பாயின்ட்டுக்கு சுவருக்குள்ள ஓடுறது 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், அந்த வயரை காப்பாத்தத்தான் 16 ஆம்பியர் எம்சிபி இருக்கு, அதை 32 ஆக்குனா வயர் சூடாகி இன்சுலேஷன் உருகுனாலும் எம்சிபி பேசாம இருக்கும். நல்லவேளை கடைல 32 ஸ்டாக் இல்ல, தங்கச்சி எனக்கு போன் பண்ணா. ஆக மெசேஜ்ல வெறும் "ட்ரிப் ஆகுது"ன்னு இருந்தா வர்றவர் ட்ரிப்பை நிறுத்திட்டு போவார், வாடையைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க.

ரெண்டாவது ரகம் மாடி வீட்டு அண்ணன் எழுதிக் கொடுத்தது. "எம்சிபி பழுதாகிவிட்டது, வயரிங் தரமற்றது, ஏழு நாட்களுக்குள் முழு ரீவயரிங் செய்து தராவிட்டால் வாடகை தர இயலாது"ன்னு கனமா ஒரு பக்கம். படிக்க ஜோரா இருக்கும். ஆனா இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, பிரச்சனை என்னன்னு நாமளே தீர்ப்பு எழுதிட்டோம், ஓனர் ஒரு ஆளை கூட்டிட்டு வந்து "வயரிங் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்ல வச்சா லெட்டர் மொத்தமும் செத்துப் போச்சு.

இன்னொரு ஓட்டை நிறைய பேருக்கு தெரியாது. 2017ல இயற்றி 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த நம்ம மாநில வாடகை சட்டத்துல ரெண்டாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, எந்த ரிப்பேர் யார் தலைலன்னு பிரிச்சு போட்டிருப்பாங்க. வீட்டுக்கு உள்ளயும் வெளியயும் இருக்குற எலக்ட்ரிக்கல் வயரிங், அது சம்பந்தமான பராமரிப்பு எல்லாம் ஓனர் பக்கம். ஆனா சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர், சுவிட்ச் சாக்கெட் ரிப்பேர், கீசர் ரிப்பேர் இதெல்லாம் குடியிருக்குறவர் பக்கம்! அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா அதையும் பாக்கணும். அதனால "எம்சிபி பழுது"ன்னு நீங்களே கையெழுத்து போட்டு கொடுத்தா, விவரம் தெரிஞ்ச ஓனர் "அது உங்க வேலைம்மா, மாத்திக்கோங்க"ன்னு ஒரே வரில முடிச்சுடுவார். வாடகை தர மாட்டேன்கிற வரி இன்னும் மோசம், பேச்சு கரண்டை விட்டு வாடகை பாக்கிக்கு தாவிடும். ஓனர் அசையவே இல்ல, ரெண்டு தடவை எழுதியும் பதில் இல்லங்கிற கட்டத்துல வேணா சட்டத்தை இழுக்கலாம், முதல் லெட்டர்லயே வேண்டாம்.

மூணாவது ரகம்தான் கடைசில போனது. இதை எழுதுறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட கொஞ்சம் கவனிச்சு எழுதி வைக்க சொன்னேன். எந்த லீவர் விழுது, அப்ப என்னென்ன ஓடிட்டு இருந்துச்சு, போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு விழுந்துச்சு, உடனே தூக்கி விட்டா நிக்குதா. இவ்வளவுதான், டிபியைத் திறக்கவோ ஸ்க்ரூவைத் தொடவோ வேண்டாம். வாடை வந்த அன்னைல இருந்து அந்த லீவரை மறுபடி தூக்கவும் கூடாது, டெஸ்ட் பண்றேன்னு திரும்பத் திரும்ப போட்டுப் பாக்குறது ஆபத்து.

இந்த நாலு விவரம் ஏன்னா, ஒவ்வொண்ணும் வேற வேற இடத்தை காட்டும். சுவிட்ச் போட்ட அந்த நொடியே எம்சிபி விழுந்தா பெரும்பாலும் ஷார்ட். எம்சிபி நிக்குது, பக்கத்துல டி பட்டன் வச்ச அகலமான ஆர்சிசிபி மட்டும் விழுதுன்னா அது லீக்கேஜ், அதாவது கரன்ட் எங்கயோ கசியுது, கீசர் காயிலா இருக்க வாய்ப்பு அதிகம். பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடிட்டு எம்சிபி விழுது, உடனே தூக்குனா நிக்கல, ஆறினப்புறம்தான் நிக்குதுன்னா அது சூட்டுல விழுறது. உள்ள இருக்குற ரெட்டை உலோகப் பட்டை சூடாகி வளைஞ்சு லீவரை தள்ளி விடுது.

தங்கச்சி வீட்டு கதை இந்த கடைசி வகை. இங்கதான் ஒரு சின்ன கணக்கு. கீசர் 2000 வாட், 230 வோல்ட்ல வகுத்தா சுமார் 8.7 ஆம்பியர். எம்சிபி 16 ஆம்பியர். விதிப்படி பாத்தா 16 ஆம்பியர் எம்சிபி 18 வரைக்கும் கூட ஒரு மணி நேரத்துல விழக் கூடாது. இங்க பாதி லோடுக்கே விழுது, ஏசி அந்த லைன்லயே இல்ல. அப்ப ஓவர்லோடு கிடையாது, வெளிய இருந்து எதுவோ அந்த எம்சிபியை சூடாக்குது. ஸ்க்ரூ லூசா இருந்தா அந்த இணைப்புல தடை கூடி சூடாகும், அந்த சூடு எம்சிபி உள்ள ஏறி பட்டையை வளைச்சுடும். கருவாடு தீயுற மாதிரி ஒரு வாடை வருதுன்னு தங்கச்சி சொன்னா, சூடாகுற ஸ்விட்ச் எம்சிபி பிளாஸ்டிக்கெல்லாம் சில சமயம் அப்படித்தான் மீன் வாடை அடிக்கும். கவனிங்க, லூஸ் கனெக்ஷனை எம்சிபியால நேரா கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா கரன்ட் அளவு கூடவே இல்ல. இதே லூஸ் எம்சிபிகிட்ட இல்லாம பாத்ரூம் சாக்கெட்ல இருந்திருந்தா ட்ரிப்பே ஆகாம எரிஞ்சிட்டு இருக்கும். அதனாலதான் லெட்டர்ல வாடையை தனி வரியா எழுதணும்னு சொல்றேன், ட்ரிப்போட ஒட்டி எழுதுனா ட்ரிப்பை மட்டும் பாத்துட்டு போயிடுவாங்க.

ஆனாலும் "ஸ்க்ரூ லூசு"ன்னு லெட்டர்ல எழுத விடல. அது நம்ம ஊகம், திறந்து பாக்காத வரைக்கும் ஊகம்தான். போனது இப்படி:

"ஐயா வணக்கம். நாங்க குடியிருக்குற ரெண்டாவது மாடி வீட்ல கீசர் லைன் எம்சிபி (16 ஆம்பியர்) இந்த மாசம் 4, 7, 9 தேதிகள்ல காலைல விழுந்துச்சு. மூணு தடவையும் கீசர் போட்டு 10லிருந்து 15 நிமிஷம் கழிச்சு. அந்த லைன்ல வேற எதுவும் ஓடல. உடனே தூக்கினா நிக்கல, ஆறினப்புறம் நின்னுச்சு. ஆர்சிசிபி விழல.

தனியா இன்னொண்ணு: 9ஆம் தேதி டிபி பாக்ஸ் பக்கம் கருகுற வாடை வந்துச்சு. மூடி மேல வலது ஓரம் பழுப்பா மாறியிருக்கு, போட்டோ இணைச்சிருக்கேன். அன்னைல இருந்து அந்த எம்சிபியை ஆஃப்லயே வச்சிருக்கோம்.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை அனுப்பி, மெயினை ஆஃப் பண்ணி டிபியைத் திறந்து வயர் இணைப்புகளையும், கீசர் பாயின்ட் வரைக்கும் வயரோட இன்சுலேஷனையும் செக் பண்ண ஏற்பாடு பண்ணுங்க. அதுவரைக்கும் எம்சிபி அளவை கூட்ட வேண்டாம்னு கேட்டுக்குறேன். இந்த வாரம் எந்த நாள் மாலை 5க்கு மேல வந்தாலும் வீட்ல ஆள் இருக்கும். தேதி சொல்லுங்க."

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச வரி "எம்சிபி அளவை கூட்ட வேண்டாம்"ங்கிறதுதான், முதல் ரகத்துல வந்த ஆபத்துக்கு அங்கயே கதவை சாத்திடுது. "இணைப்பு, இன்சுலேஷன்"னு கேட்டதால விஷயம் வயரிங் பக்கம் நிக்குது, அதாவது ஓனர் பக்கம். இன்சுலேஷனை பாக்க மெகர்னு ஒரு மீட்டர் வேணும், டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் மட்டும் வச்சிட்டு வர்றவரால அது முடியாது, அதனால அந்த வார்த்தையே சரியான ஆளை வர வச்சுடும்.

குறை இல்லாம இல்ல. வயசான ஓனருக்கு இவ்வளவு நீளமா அனுப்புனா பாதிலயே மூடிடுவார், எங்க ஓனர் அப்படித்தான். அதனால இதை பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டோம், மேல முதல் ரக மாதிரியே ரெண்டு வரி: "டிபில கருகுற வாடை, லைனை ஆஃப் பண்ணிட்டோம், விவரம் கீழ லெட்டர்ல." இன்னொரு குறை, உண்மையை எழுதினா அது நமக்கு எதிராவும் போகலாம். ஆர்சிசிபி விழுது, கீசரை கழட்டினா விழலன்னு குறிப்பு சொல்லுச்சுன்னா, கீசர் நீங்க வாங்கினதா இருந்தா செலவு உங்களோடது. அதை மறைச்சு எழுதுறதுல பிரயோஜனம் இல்ல, வர்றவர் கீசர் பிளக்கை கழட்டினா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

வந்த எலக்ட்ரீசியன் லெட்டரை ஒரு தடவை படிச்சுட்டு நேரா அந்த எம்சிபியோட கீழ்ப்பக்க ஸ்க்ரூவுக்கு போனார். ஸ்க்ரூ அரை சுத்து சுத்துச்சு, வயர் நுனி கருத்து, இன்சுலேஷன் ரெண்டு விரக்கடைக்கு மொறமொறன்னு ஆகியிருந்துச்சு. கருத்த பகுதியை வெட்டிட்டு நல்ல செம்பு வர்ற வரைக்கும் உரிச்சு மாட்டினார், எம்சிபியும் சூடு தின்னதால அதே 16லயே புதுசு, மத்த ஸ்க்ரூ எல்லாத்தையும் டைட் பண்ணார், அதுல இன்னும் ஒண்ணு லூசு. ஓனர் முழுசா கொடுத்துட்டார், பிரேக்கர் உங்க கணக்குன்னு வாயே திறக்கல.

வேலை முடிஞ்சதும் தங்கச்சி ஒரு மெசேஜ் போட்டா: "இன்னைக்கு வந்து கீசர் லைன் இணைப்பை சரி பண்ணி 16 ஆம்பியர் எம்சிபி புதுசு போட்டாங்க, பழைய எம்சிபி, கருகின வயர் துண்டு போட்டோ கீழ இருக்கு, நன்றி ஐயா." அதுக்கு ஓனர் ஒரு கட்டைவிரல் போட்டார்.